மயான காண்டம்: குறைந்த காசில் ஒரு காட்சி போடுவது எப்படி?



கோயில் திருவிழா நெருங்கினால் நம் இளைஞர்கள் வந்து கேட்பது ஒரே கேள்விதான். "மாஸ்டர், சாமி கதையில ஒரு நாடகம் போடணும். லயத்துல எல்லாரும் ஆசைப்படுறாங்க. ஆனா கையில காசு இல்லீங்க. என்ன செய்யலாம்?"

அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். கிரீடம் மூன்று, பட்டு வேட்டி இரண்டு, சிம்மாசனம் ஒன்று, பின்திரை ஒன்று, வாள், கதை, தாடி, சடைமுடி. எல்லாவற்றையும் நகரத்தில் வாடகைக்கு எடுக்க வேண்டும். வாடகைக்குச் சேர்த்த காசு போதாது. அதனால் யாரோ ஒருவர் கடன் படுவார், அல்லது நாடகமே நின்றுபோகும்.

நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான். சாமான் பட்டியலை முதலில் எழுதாதீர்கள். எந்தக் காட்சி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சில காட்சிகள் காசைத் தின்னும். சில காட்சிகள் காசே கேட்காது. காசு கேட்காத ஒரு காட்சியை எடுத்து, அதை எப்படித் தயார் செய்வது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். அது அரிச்சந்திர புராணக் கதையின் மயான காண்டம்.

அளவெட்டியில் பார்த்தது

நான் பிறந்த ஊர் அளவெட்டி. யாழ்ப்பாணக் குடாநாட்டில், தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் இருக்கிற விவசாயக் கிராமம். வெங்காயமும் புகையிலையும் செய்கிற ஊர். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர். தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பெயரும், நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதனின் பெயரும் அளவெட்டியோடு சேர்த்தே சொல்லப்படும்.

அங்கிருந்து சில மைல் வடக்கே போனால் காங்கேசன்துறை. நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அந்த ஊர்க்காரர். அவருடைய வசந்த கான சபா குடாநாடு முழுவதும் இசைநாடகம் போட்டது. இசைநாடகம் என்றால் வசனத்தை விடப் பாட்டு முந்துகிற நாடகம். ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம், நன்றாகப் பாடக்கூடிய நடிகர்கள் இருந்தால் போதும். அவர் பல நாடகங்கள் நடித்தாலும், சனங்கள் மறக்காமல் சொல்வது 'அரிச்சந்திர மயான காண்டம்' ஒன்றைத்தான். ஆயிரக்கணக்கான மேடைகளில் அரிச்சந்திரனாக அவர் அதை நடித்தார்.

சின்ன வயதில் கோயில் வெளிவீதியில் சாக்கு விரித்து இருந்து நாங்கள் அதைப் பார்த்திருக்கிறோம். என் அம்மா, பெரியம்மா எல்லோருக்கும் கதை தெரியும். முடிவும் தெரியும். என்றாலும் ஒவ்வொரு முறையும் அழுவார்கள். மேடையில் என்ன இருந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு உண்மை விளங்கியது. அந்தக் கதையில் அரசன் ஏற்கெனவே கிரீடத்தை இழந்துவிட்டான். பட்டை இழந்துவிட்டான். சிம்மாசனத்தை இழந்துவிட்டான். காசு செலவாகும் சாமான்களையெல்லாம் கதையே கழற்றி வைத்துவிட்டது. மிஞ்சியது ஒரு சுடலை, ஒரு கோல், ஒரு தாய், ஒரு பிள்ளை.

கதையில் நமக்கு வேண்டிய பகுதி

முழுக் கதை நீளமானது. அயோத்தி மன்னன் அரிச்சந்திரன் சொன்ன சொல் தவறாதவன். விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்குக்காக நாட்டைக் கொடுக்கிறான். பாக்கிக் கடனுக்காகக் காசியில் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காலகண்டர் என்ற பிராமணருக்கு விற்கிறான். தன்னைச் சுடலைக்குச் சொந்தக்காரனான வீரவாகுவுக்கு விற்கிறான். சுடலையைக் காவல் காப்பதும், பிணம் எரிக்க வருகிறவர்களிடம் கூலி வாங்குவதும் அவனுக்குக் கொடுத்த வேலை.

நாம் எடுப்பது இதற்குப் பிறகு வருகிற பகுதியை மட்டும். தர்ப்பை பறிக்கப் போன லோகிதாசனைப் பாம்பு தீண்டுகிறது. தாய் இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடலைக்கு வருகிறாள். காவல்காரன் தடுக்கிறான். கால் பணமும், முழத் துண்டும், வாய்க்கரிசியும் கொடுக்காமல் எரிக்க முடியாது என்கிறான். அவளிடம் ஒன்றும் இல்லை. கழுத்தில் தாலி இருக்கிறதே என்கிறான். அந்தத் தாலி அவளுடைய கணவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அப்போதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் அறிகிறார்கள். அறிந்த பிறகும், எசமானுக்குச் சேர வேண்டிய கூலியை விட்டுக்கொடுக்க அவன் சம்மதிக்கவில்லை. கூலி தேடிப் போகிற வழியில், காசி அரசனின் பிள்ளையைக் கொன்றாள் என்ற பழி சந்திரமதி மேல் விழுகிறது. அவளை வெட்டும் பொறுப்பும் அரிச்சந்திரனிடமே வருகிறது. வெட்ட ஓங்கிய வாள் மாலையாகிறது. இறைவன் தோன்றுகிறார். பிள்ளை எழும்புகிறான்.

இதை ஒன்றே கால் மணி நேரத்துக்குள் போடலாம். ஐந்து நடிகர் போதும்: அரிச்சந்திரன், சந்திரமதி, லோகிதாசன், காசியின் காவலன், கடைசியில் இறைவன். முடிவை வெட்டிவிட வேண்டாம். 'தாய் அழுகிற இடத்தோடு நிறுத்தினால் செலவு குறையும்' என்று சிலர் சொல்வார்கள். கோயில் முற்றத்தில் சாவோடு கதையை நிறுத்தினால் சனம் மனக்குறையோடுதான் வீட்டுக்குப் போகும். மங்களமாக முடிக்க வேண்டும்.

எங்கள் பெடியள் செய்த பிழை

ஒரு வருடம் எங்கள் ஒழுங்கையில் இருந்த பெடியள் சேர்ந்து தாங்களே இதைப் போடுவதென்று முடிவு செய்தோம். பாட்டு ஓரளவு வந்தது. வேஷமும் பரவாயில்லை. பிரச்சினை பிள்ளையில்தான் வந்தது.

லோகிதாசனாக நடிக்க ஒரு ஏழு வயதுப் பையனைப் பிடித்தோம். ஒத்திகை தொடங்கி இரண்டாம் நாள் அவனுடைய தாய் வந்தா. "தம்பிமார், கோவிக்காதேங்கோ. என்ர பிள்ளையைப் பிணமாக் கிடத்த நான் விடமாட்டன். விளையாட்டுக்கும் வேண்டாம்" எண்டு சொல்லிப் பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டா. அவவைக் குறை சொல்ல முடியாது. பெற்ற தாய் யாரும் அப்படித்தான் சொல்லுவா.

அதனால் வைக்கோலை அடைத்து ஒரு துணிப் பொம்மை கட்டினோம். அதுவும் நல்ல யோசனைதான். ஆனால் வைக்கோலுக்குப் பாரம் இல்லை. மேடையில் சந்திரமதி பாடிக்கொண்டே வந்தபோது பொம்மை அவளுடைய கையில் தலையணை மாதிரி ஆடியது. கால் இரண்டும் மேலே கிளம்பின. முன்னால் இருந்த சிறுவர்கள் சிரித்தார்கள். பிறகு பெரியவர்களும் சிரித்தார்கள். ஊரே அழ வேண்டிய இடத்தில் ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாகப் பாடியும் அந்த இரவைத் திருப்பிப் பிடிக்க எங்களால் முடியவில்லை.

அடுத்த வருடம் இரண்டு விஷயங்களை மாற்றினோம். ஒன்று, பொம்மைக்குப் பாரம் கொடுத்தோம். மற்றது, விறகுக் குவியலை மறைவிடமாக மாற்றினோம். இந்த இரண்டையும் விளக்கமாகச் சொல்கிறேன். மயான காண்டத்தின் மேடை வேலை முழுவதும் இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

பொம்மை கட்டும் முறை

ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய மூன்றே முக்கால் அடி. பொம்மை மூன்றரை அடி இருந்தால் போதும். பழைய நீளக் கால்சட்டை ஒன்றையும் சட்டை ஒன்றையும் இடுப்பில் சேர்த்துத் தையுங்கள். உள்ளே பழந்துணியை இறுக்கி அடையுங்கள். இங்கே வைக்கோல் கிடைக்காது. பழந்துணி அதைவிட நல்லது, சரசரக்காது.

பிறகு பாரம். மணலைச் சிறு துணிப் பைகளில் கட்டி, இடுப்புப் பகுதியில் இரண்டு கிலோவும், நெஞ்சில் ஒரு கிலோவும், தலையில் அரைக் கிலோவும், ஒவ்வொரு பாதத்திலும் கால் கிலோவும் வையுங்கள். துணியோடு சேர்த்து ஐந்து கிலோ அளவில் வரும். உண்மைப் பிள்ளையின் பாரம் இதைப் போல நான்கு மடங்கு. அவ்வளவு வேண்டாம். பாட வேண்டிய நடிகைக்கு மூச்சு வாங்கும்.

முக்கியமான இடம் கழுத்து. கழுத்தை இறுக்கித் தைத்தால் தலை விறைத்து நிற்கும், பார்த்தவுடன் பொம்மை என்று தெரிந்துவிடும். மூன்று விரல் நீளத்துக்குத் தளர்வாக விட்டுத் தையுங்கள். அப்போது தாய் தூக்கும்போது தலை பின்னால் சாயும். அவள் அதைத் தன் முழங்கையில் ஏந்திக்கொள்வாள். அந்த ஒரு அசைவிலேயே சனத்துக்கு எல்லாம் விளங்கிவிடும். முகம் வரைய வேண்டாம். பழைய சீலைத் துண்டால் போர்த்திவிடுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒத்திகையில் நடிகையை ஒரு கையால் பொம்மையைத் தூக்கச் சொல்லுங்கள். சுலபமாகத் தூக்கினால் பாரம் போதாது. இரண்டு கையாலும் தூக்கி, இருபது அடி நடந்து, கீழே இறக்கும்போது அவளாகவே முழங்காலை மடித்து இறக்கினால் பாரம் சரி.

விறகுக் குவியல்

இரண்டு பள்ளிக்கூட வாங்குகளை மேடையின் நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நீளவாக்கில் போடுங்கள். பார்ப்பவர் பக்கமும் இரண்டு ஓரங்களும் மட்டும் விறகு தெரிய வேண்டும். பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். அளவெட்டியில் நாங்கள் பனை மட்டையும் பூவரசங் கொப்பும் அடுக்கினோம். இங்கே உங்களுக்கு அதைவிட நல்ல சாமான் சும்மா கிடைக்கிறது: கவ்வாத்து மிலாறு. கவ்வாத்து வெட்டிய மலையில் இருந்து ஆறு ஏழு கட்டு போதும். முதலில் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிட்டு எடுங்கள். மிலாறு கோணல் மாணலாக இருப்பதால் தூரத்தில் இருந்து பார்க்க உண்மைச் சுடலை விறகு போலவே தெரியும். இரண்டரை அடி உயரத்துக்குக் கயிற்றால் வாங்கோடு சேர்த்துக் கட்டுங்கள். சும்மா சாத்தி வைத்தால் அரிச்சந்திரன் கோலால் தட்டியவுடன் சரிந்துவிடும்.

இந்தக் குவியல் மூன்று வேலை செய்யும். முதலாவது, சந்திரமதி பிள்ளையைக் குவியலின் பின்னால் இறக்குவாள். அதன்பிறகு பொம்மை யாருக்கும் தெரியாது. இரண்டாவது, உண்மையான பையன் பின்திரைக்கு அடியால் ஊர்ந்து வந்து அங்கே படுத்துக்கொள்வான். கடைசிப் பாட்டுத் தொடங்குகிறபோது வந்தால் போதும், நாடகம் முழுவதும் அங்கே கிடக்கத் தேவையில்லை. இறைவன் கையை உயர்த்தும்போது அவன் எழும்பி நிற்பான். மூன்றாவது, பூமாலை குவியலின் பின்னால் ஒரு ஆணியில் தொங்கும். அரிச்சந்திரன் வாளை ஓங்கும்போது விளக்கை ஒரு கணம் அணைத்துவிடுங்கள், மணி அடிக்கட்டும். அவன் வாளைக் குவியலுக்குப் பின்னால் விட்டுவிட்டு மாலையை எடுப்பான். விளக்கு வந்ததும் மாலை சந்திரமதியின் கழுத்தில் இருக்கும்.

எங்கள் ஊரில் அந்தத் தாயிடம் போய் இதைச் சொன்னோம். "அம்மா, உங்கட மகன் பிணமாக் கிடக்கமாட்டான். உயிரோட எழும்புறவனா மட்டும்தான் வருவான்" எண்டோம். அவ கொஞ்ச நேரம் யோசித்தா. பிறகு, "அப்ப சரி. எழும்புறதெண்டா நல்ல விஷயந்தானே" எண்டு சம்மதித்தா. அன்றிரவு பையன் எழும்பியபோது முதலில் கையெடுத்துக் கும்பிட்டதும் அவதான்.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மைத் தீப்பந்தம், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். காய்ந்த மிலாறும் பருத்தித் துணியும் ஒரே நொடியில் பற்றும், லயம் பக்கத்தில் இருக்கிறது. குவியலுக்குள் ஒரு மின்குமிழை வைத்து, அதற்கு ஒரு அடி தள்ளிச் சிவப்புக் கண்ணாடிக் கடதாசியைக் கட்டினால் கனல் போலத் தெரியும். குமிழ் சூடாகாத எல்.ஈ.டி. குமிழாக இருக்கட்டும்.

உடுப்பு: தேயிலையே சாயம்

புது வெள்ளைத் துணி மேடை விளக்கில் கண்ணைக் குத்தும். சுடலையில் நிற்பவன் அப்படி இருக்கமாட்டான். பழுப்பு நிறம் வேண்டும். அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை.

நான்கு யார் பருத்தித் துணிக்கு ஒரு வாளி தண்ணீரில் கால் கிலோ தேயிலைத் தூள் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். குடிக்கிற தூளாக இருக்க வேண்டியதில்லை, கழிவுத் தூளும் சரி. வடிகட்டிய பிறகு, நனைத்த துணியை அதில் போட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். அடிக்கடி புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக வரும். காலையில் பிழிந்து நிழலில் காயப்போட்டால் மங்கிய பழுப்பு கிடைக்கும். இது சந்திரமதியின் சீலைக்கு.

அரிச்சந்திரனின் வேட்டிக்கு இன்னும் கறுப்பு வேண்டும். துருப்பிடித்த ஆணி ஒரு பிடியை வினாகிரியில் இரண்டு நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் நாலு கரண்டியை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, தேயிலைச் சாயம் ஏறிய துணியை அதில் பத்து நிமிடம் முக்கி எடுங்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் துணி சாம்பல் கறுப்பாக மாறும். இரும்புத் தண்ணீரைக் கூட்டினால் துணி இற்றுப்போகும். எடுத்தவுடன் நன்றாக அலசுங்கள். பொலியெஸ்டர் துணியில் இந்தச் சாயம் பிடிக்காது. வாங்கும்போதே பருத்தியா என்று கேளுங்கள்.

தோளுக்கு மேல் ஒரு பழைய கம்பளி. கையில் காதளவு உயரமான தடித்த கோல். மெல்லிய தடி வேண்டாம். நிலத்தில் ஊன்றும்போது 'தொம்' என்று கேட்க வேண்டும். தாலி மட்டும் புதிதாகச் செய்யுங்கள். சின்ன விரல் தடிப்பில் மஞ்சள் கயிறு. யாருடைய உண்மைத் தாலியையும் கேட்காதீர்கள். இங்கே நடிப்புத்தான் முக்கியம். அது அரிச்சந்திரனுக்கு மட்டும் தெரிகிற தாலி. ஆகவே அவன் ஒருவன்தான் அதைப் பார்க்க வேண்டும். காவலனாக நடிப்பவன் அவளுடைய கழுத்தைப் பார்த்துவிட்டால் கதையே கெட்டுவிடும். ஒத்திகையில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

முகத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவி, முகப் பவுடரைப் பூசி, கரியால் கண்ணைத் தீட்டினால் போதும். பழைய கூத்துக்காரர் பூசிய அரிதாரம் என்ற மஞ்சள் பொடியைத் தேடிப் போகாதீர்கள். அதில் பாஷாணம் இருக்கிறது.

ஆட்களைச் சேர்ப்பது

காமன் கூத்துக்கு நேர்த்தி வைத்து வேஷம் கட்டுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அங்கே ஆள் தேட வேண்டியதில்லை, நேர்த்தி ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும். இந்த நாடகத்துக்கு அப்படியில்லை. நீங்கள்தான் கேட்டுப் போக வேண்டும். கேட்கும்போது குரலை மட்டும் பார்க்காதீர்கள். பின்னேரம் வரக்கூடியவரா என்று பாருங்கள். நல்ல குரல் இருந்தும் ஒத்திகைக்கு வராதவரை விட, நடுத்தரக் குரலோடு ஒவ்வொரு நாளும் வருகிறவர் மேல்.

ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று பின்னேரம், பதினெட்டு ஒத்திகை என்று கணக்குப் போடுங்கள். கொழுந்து கூடுகிற மாதத்தில் தொடங்காதீர்கள். பகல் முழுவதும் மலையில் நின்றவருக்கு இரவில் பாடக் குரல் இருக்காது. எங்கள் ஊரில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற நாட்களில் ஒத்திகை வைத்து, யாரும் வராமல் வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். அரிச்சந்திரன் பாட்டை இரண்டு பேர் படிக்கட்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் ஏறுவார்.

பெண் வேஷம் அந்தக் காலத்தில் ஆண்களே கட்டினார்கள். இன்று உங்கள் சகோதரிகள் முன்வந்தால் அதுவே நல்லது. ஒத்திகை முடிந்து இருட்டில் லயத்துக்குத் திரும்பத் துணை ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. அதைச் செய்யாவிட்டால் அவர்கள் வீட்டில் விடமாட்டார்கள். அது நியாயம்தான்.

இன்னொரு சங்கடமும் வரும். சுடலைக் காவல்காரன் வேஷத்தைக் கட்ட ஆட்கள் தயங்குவார்கள். "பொறகு அந்தப் பேரு ஒட்டிக்கும் மாஸ்டர்" என்று என்னிடம் ஒரு தம்பி நேராகவே சொன்னான். அவனோடு வாதாடவில்லை. கதையை இரண்டு பேரும் இருந்து மெதுவாகப் படித்தோம். சொந்தப் பிள்ளையின் உடலுக்கே கூலி கேட்கிற இடம் வந்தபோது அவன் நிறுத்தினான். "இவன் ராசாவா இருந்தப்ப சொன்ன சொல்லை விட, இங்க சொல்ற சொல்லுதான் மாஸ்டர் பெருசு" என்றான். வேஷம் கட்டினான். அதே போலத் தப்பு அடிக்கிறவர்களை இந்த நாடகத்துக்குக் கூப்பிட்டால், அவர்களுக்கு ஹார்மோனியக்காரர் இருக்கிற பாயிலேயே இடம் கொடுங்கள். சாப்பாட்டையும் ஒன்றாகவே போடுங்கள். சாவுக்கு மட்டும் கூப்பிடுகிற ஆட்களாக அவர்களை மேடைக்குக் கீழே நிறுத்தினால், மேலே நடக்கிற கதைக்கு அர்த்தம் இல்லை.

காசுக் கணக்கு

கையில் 15,000 ரூபா இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். விலை ஊருக்கு ஊர் மாறும், உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பங்கு பிரிக்கிற முறையைப் பாருங்கள்.

ஹார்மோனியம், மிருதங்கக்காரரின் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும்: 6,000
பருத்தித் துணி: 3,000
முகப்பூச்சு: 1,500
கயிறு, நூல், மஞ்சள், கண்ணாடிக் கடதாசி, மின்குமிழ்: 1,500
பூமாலை: 1,000
கைக்காவல்: 2,000

பெரிய பங்கு பாட்டுக்குப் போகிறது. அது வேண்டுமென்றே செய்தது. இசைநாடகத்தில் சுருதி விலகினால் எந்த உடுப்பும் காப்பாற்றாது. கைக்காவலைக் கடைசி நாள் வரை தொடாதீர்கள். மழை வந்தால் தரப்பாள் வேண்டும், நடிகருக்குத் தொண்டை கட்டினால் மருந்து வேண்டும். ஒரு சிறு கொப்பியில் வரவு ஒரு பக்கம், செலவு மறுபக்கம் எழுதி, நாடகத்துக்கு அடுத்த நாள் கோயில் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் படியுங்கள். கணக்குப் படித்தால்தான் அடுத்த வருடமும் சனம் காசு தரும்.

கோயிலோடு பேச வேண்டியது

திகதி குறிக்கும் முன் கோயில் தலைவரையும் பூசாரியையும் கண்டு பேசுங்கள். சுடலைக் காட்சி என்பதால் மேடையை வாசலுக்கு நேரே போடாமல் வெளியே ஒதுக்கிப் போடுவது நல்லது. பொம்மையையும் கோயில் வாசலால் கொண்டு வராமல் பின்பக்கத்தால் கொண்டு வாருங்கள். முதல் நாளே இதைக் கேட்டுக்கொண்டால், கடைசி நாளில் யாரும் வந்து "இது ஆகாது" என்று தடுக்கமாட்டார்கள்.

கூடியிருந்து செய்ய ஒரு பயிற்சி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு பேர் சேர்ந்து இருங்கள். இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

1. உங்களுக்குத் தெரிந்த சாமி கதைகளில் அரசவை வராத மூன்று காட்சிகளை எழுதுங்கள். பிட்டுக்கு மண் சுமந்த கதையில் கூலியாளாக வருகிற இறைவனுக்கு என்ன சாமான் வேண்டும்? அவற்றில் எத்தனை உங்கள் லயத்திலேயே இருக்கிறது?

2. ஒரு பழைய சட்டையில் ஐந்து கிலோ பொம்மை கட்டி, ஒவ்வொருவராகத் தூக்கி நடந்து பாருங்கள். மற்றவர்கள் எட்ட நின்று, சிரிப்பு வருகிறதா என்று உண்மையாகச் சொல்லுங்கள்.

3. நீங்கள் எழுதிய சாமான் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'இது இல்லாவிட்டால் கதை விளங்காதா?' என்று கேளுங்கள். விளங்கும் என்றால் அதை வெட்டிவிடுங்கள்.

வெட்டி முடிந்து கடைசியில் மிஞ்சுகிற நாலைந்து சாமான்களுக்கு மட்டும் காசையும் நேரத்தையும் கொடுங்கள். எங்களுக்கு மிஞ்சியது ஒரு கோல், ஒரு மஞ்சள் கயிறு, பாரமான ஒரு துணிப் பொம்மை, பின்பக்கம் திறந்த ஒரு விறகுக் குவியல். அன்றிரவு அளவெட்டியில் ஒருவரும் சிரிக்கவில்லை.